கயலின் "செடியின் பாகங்கள்" பயிற்சித்தாள்: திருத்திய குறிப்பு

கயல் கண்ணு,

நீ அனுப்பிய இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்திவிட்டேன். பச்சை டிக் போட்டது எல்லாம் சரி. ஆரஞ்சு வட்டம் போட்ட இடத்தை நீ மறுபடி பார்க்க வேண்டும். மார்க் இன்னும் போடவில்லை. நீ திருத்தி அனுப்பிய பிறகு போடுகிறேன். இந்தக் குறிப்பு கொஞ்சம் நீளம். இன்று பாதி, நாளை பாதி படித்தால் போதும்.

1. படத்தில் பெயர் எழுதுதல்

வேர், தண்டு, இலை, பூ, கனி ஐந்தும் சரி. கோடு ஒவ்வொன்றும் அந்தப் பாகத்தைத் தொட்டு நிற்கிறது. பல பேர் கோட்டைக் காற்றில் விட்டுவிடுவார்கள். நீ விடவில்லை.

2. பொருத்துக

இலை, பூ இரண்டும் சரி. வேரும் தண்டும் இடம் மாறிவிட்டன. மண்ணில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சுவது வேர். அந்தத் தண்ணீரை மேலே இலை வரை கொண்டு போவது தண்டு. பழைய கோட்டை அடித்துவிட்டுப் புதுக் கோடு மாற்றிப் போடு.

3. நாம் சாப்பிடுவது செடியின் எந்தப் பாகம்?

எட்டில் ஆறு சரி. கேரட் வேர், முள்ளங்கி வேர், முருங்கைக்கீரை இலை, கரும்பு தண்டு, வாழைப்பூ பூ, தக்காளி பழம். தக்காளியைக் காய்கறி என்று எழுதாமல் பழம் என்று எழுதியது எனக்குப் பிடித்தது. பூவிலிருந்து வந்து, உள்ளே விதை இருந்தால் அது கனிதான். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் அப்படித்தான்.

உருளைக்கிழங்கும் வெங்காயமும் வேர் என்று எழுதியிருக்கிறாய். மண்ணுக்குள் இருப்பதால் அப்படி நினைத்திருப்பாய். ஆனால் மண்ணுக்குள் இருப்பது எல்லாம் வேர் இல்லை.

வீட்டில் ஒரு உருளைக்கிழங்கை எடுத்துக் கையில் உருட்டிப் பார். அங்கங்கே சின்னக் குழி இருக்கும். அதற்குக் கண் என்று பெயர். கிழங்கைப் பல நாள் சும்மா வைத்திருந்தால் அந்தக் கண்ணிலிருந்து முளை வரும். கண் என்பது மொட்டு இருக்கும் இடம். வரிசையாக மொட்டு வைப்பது தண்டின் வேலை. அதனால் உருளைக்கிழங்கு தண்டு. மண்ணுக்குள் பருத்துப்போன தண்டு.

இப்போது கேரட்டை எடுத்துப் பார். பக்கத்தில் கண் இருக்கிறதா? இல்லை. மெல்லிய முடி மாதிரி சின்ன வேர்கள் ஒட்டியிருக்கும். இலை உச்சியில் மட்டும் வரும். அதனால் கேரட் வேர். இஞ்சியையும் பார்த்துவிடு. அதில் கணுவும் மொட்டும் இருக்கும். அது என்ன என்று நீயே சொல். (சர்க்கரைவள்ளிக் கிழங்கு நம்மை ஏமாற்றும். உருளைக்கிழங்குக்குத் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் அது வேர்.)

வெங்காயத்தை நீ வெட்டாதே. அம்மாவை மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டித் தரச் சொல். அடியில் தட்டையாக, கெட்டியாக ஒரு சின்னத் துண்டு இருக்கும். தண்டு அவ்வளவுதான். அதற்குக் கீழே தாடி மாதிரி தொங்குவது வேர். மேலே ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் வெள்ளை அடுக்குகள்தான் நாம் சாப்பிடுவது. அவை இலைகள். சாறு நிறைந்து தடித்துப்போன இலைகள். முளைவிட்ட வெங்காயம் கிடைத்தால் நடுவில் பச்சை இலை எட்டிப் பார்ப்பதும் தெரியும்.

4. ஆணிவேரா, சல்லிவேரா?

மா, புல், நெல் மூன்றும் சரி. தென்னைக்கு ஆணிவேர் என்று எழுதியிருக்கிறாய். பெரிய மரம், அதனால் பெரிய வேர் இருக்கும் என்று யோசித்தாயா? உயரத்தை வைத்துச் சொல்ல முடியாது. தென்னைக்கு அடியில் நடுவே ஒரு பெரிய வேர் கிடையாது. ஒரே பருமனில் நிறைய வேர்கள் கொத்தாகக் கிளம்பும். அது சல்லிவேர். பனைமரத்துக்கும் அப்படியே.

மண்ணைத் தோண்டாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடி. நரம்பு வலை மாதிரி பின்னியிருந்தால் பெரும்பாலும் ஆணிவேர். மாவிலையில் அப்படி இருக்கும். நரம்பு பக்கம் பக்கமாக நேராக ஓடினால் பெரும்பாலும் சல்லிவேர். புல்லிலும் தென்னை ஓலையிலும் அப்படி இருக்கும்.

5. செடிக்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது?

"செடி மண்ணிலிருந்து உணவை எடுக்கும்" என்று எழுதியிருக்கிறாய். இதைத் திருத்த வேண்டும். 2ஆம் கேள்வியில் "இலை – உணவு தயாரிக்கும்" என்று நீயே சரியாகப் பொருத்தியிருக்கிறாய். அப்படியானால் மண் எப்படி உணவு தரும்?

செடி தன் உணவைத் தானே செய்கிறது. அது நடக்கும் இடம் இலை. அதற்கு மூன்று வேண்டும்: வேர் அனுப்பும் தண்ணீர், காற்றிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு, சூரிய வெளிச்சம். இலையில் இருக்கும் பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. பச்சையம் இருப்பதால்தான் இலை பச்சை. இந்த வேலைக்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர்.

மண் சும்மா இருப்பதில்லை. தண்ணீரும் கொஞ்சம் தாது உப்புகளும் தருகிறது. செடி சாயாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால் சமைப்பது இலைதான். உங்கள் வீட்டு ஜன்னலில் மணிபிளான்ட் பாட்டில் தண்ணீரில் இருக்கிறதே, நீ அனுப்பிய படத்தின் ஓரத்தில் தெரிகிறது. அதில் மண்ணே இல்லை. ஆனாலும் புது இலை விடுகிறது.

உன் விடையை இரண்டே வரியில் மறுபடி எழுது. "வெளிச்சம்" என்ற சொல் அதில் கட்டாயம் வர வேண்டும்.

6. பச்சைப்பயறு சோதனை

உன் தாளில் இதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

நீ இரண்டு கப்பில் ஈரப் பஞ்சு வைத்து, ஒவ்வொன்றிலும் 5 பயறு போட்டாய். ஒன்றை ஜன்னலிலும் ஒன்றை அலமாரிக்குள்ளும் வைத்தாய். கப், பஞ்சு, பயறு, தண்ணீர் எல்லாம் ஒரே மாதிரி. வெளிச்சம் மட்டும் வேறு. சோதனையை அப்படித்தான் செய்ய வேண்டும்.

"எது உயரமாக வளரும் என்று நினைக்கிறாய்?" என்ற கட்டத்தில் "வெளிச்சத்தில் இருப்பது" என்று எழுதினாய். அது உன் ஊகம். ஊகம் தப்பாகப் போகலாம். அதற்கு மார்க் குறையாது.

ஆனால் "நீ கண்டது என்ன?" என்ற கட்டத்திலும் "வெளிச்சத்தில் இருப்பது உயரம்" என்று எழுதியிருக்கிறாய். உன் அட்டவணையைப் பார். 6ஆம் நாள் ஜன்னல் கப்பில் 6, அலமாரி கப்பில் 11. நீ வரைந்த படத்திலும் அலமாரிச் செடிதான் நீளமாக, மஞ்சளாக, சாய்ந்து நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கினால், ரப்பரால் அழித்த இடத்தில் "இருட்டு" என்ற எழுத்து லேசாகத் தெரிகிறது. நீ முதலில் எழுதியதுதான் சரி! பார்த்ததை அப்படியே எழுது. ஊகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அழிக்காதே.

இருட்டில் இருந்த செடி ஏன் உயரமாக வளர்ந்தது? வெளிச்சத்தைத் தேடித் தண்டு வேகமாக நீண்டுவிட்டது. அதற்கு வேண்டிய உணவு பயறுக்குள்ளேயே இருந்தது. முளைத்த பயற்றில் இரண்டு பருப்பு இருக்கிறதே, அதுதான் அந்தச் சேமிப்பு. நாள் ஆக ஆக அது சுருங்குவதைப் பார்க்கலாம். வெளிச்சம் இல்லாததால் இலையில் பச்சையம் வரவில்லை. அதனால் மஞ்சள். சேமிப்பு தீர்ந்ததும், உணவு செய்ய வழி இல்லாமல் செடி விழுந்து செத்துப்போகும்.

ஜன்னல் செடி குட்டையாக இருந்தாலும் தண்டு தடிமனாக, இலை பச்சையாக இருக்கிறது. அதுதான் நலமான செடி. உயரமாக வளர்வது வேறு, நன்றாக வளர்வது வேறு. கேள்வி கேட்டது உயரத்தைப் பற்றி.

அட்டவணையில் மூன்று சின்ன வேலை:

– வெறும் 6, 11 என்று இருக்கிறது. பக்கத்தில் செ.மீ. என்று எழுது.

– ஸ்கேலின் ஓரத்தைப் பஞ்சின் மேல் ஊன்றி அளந்திருக்கிறாய். ஸ்கேலில் 0 கோடு ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. 0 கோடு பஞ்சுக்கு நேராக நிற்க வேண்டும். இப்போது உன் எண்கள் எல்லாம் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும். இரண்டு கப்பையும் ஒரே மாதிரி அளந்ததால் எது உயரம் என்பது மாறாது. பழைய எண்களை மாற்றாதே. அடுத்த முறை சரியாக அளந்தால் போதும்.

– 5ஆம் நாள் காலியாக இருக்கிறது. அன்று பார்க்கவில்லை என்றால் "பார்க்கவில்லை" என்று எழுது. நடுவில் ஒரு எண்ணை நினைத்துப் போடக் கூடாது. நீ போடவில்லை, நல்லது.

ஜன்னல் கப்பில் ஒரு பயறு முளைக்காமல் நாற்றம் அடித்தது என்று ஓரத்தில் குறித்திருக்கிறாய். தண்ணீர் அதிகமாகித் தேங்கியிருக்கும். விதை முளைக்கத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். பஞ்சைத் தொட்டால் விரல் நனைய வேண்டும், கப்பை லேசாகச் சாய்த்தால் தண்ணீர் ஓடக் கூடாது. அந்த அளவு போதும். அழுகியதை எடுத்துப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

அலமாரி கப்பை இன்றே எடுத்து ஜன்னலில் வை. இரண்டு நாள் கழித்து இலையின் நிறத்தைப் பார்த்து, வண்ணம் தீட்டி ஒரு படம் வரை. என்ன நிறமாகும் என்று வைப்பதற்கு முன்பே ஓரத்தில் எழுதிக்கொள்.

7. இந்தக் கேள்வி படத்தில் பாதி வெட்டுப்பட்டுவிட்டது. மீதிப் பாதியில் உன் கையின் நிழல் விழுந்திருக்கிறது. படிக்க முடியாததால் தப்பும் போடவில்லை, சரியும் போடவில்லை. தாளைத் தரையில் தட்டையாக வை. ஜன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழட்டும். போனை நேர் மேலே பிடித்து, நான்கு மூலையும் தெரிகிறதா என்று பார்த்த பிறகு படம் எடு.

எழுத்து

"பளம்" இல்லை, பழம். "கிளங்கு" இல்லை, கிழங்கு. இரண்டையும் மூன்று முறை வாய்விட்டுச் சொல்லி எழுது. இதற்கு மார்க் குறைக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வேண்டியவை: 2, 3, 4, 5, 6 திருத்தம், 7ஆம் கேள்வியின் புதுப் படம், அலமாரிச் செடியின் வண்ணப் படம். முழுத் தாளையும் மறுபடி எழுத வேண்டாம். அதே தாளில் நீலப் பேனாவால் திருத்து. பழைய விடையை ஒரு கோடு போட்டு அடித்தால் போதும், அழிக்காதே.

– உன் அறிவியல் டீச்சர்

கயலின் அம்மாவுக்கு: வெங்காயத்தை வெட்டித் தருவது மட்டும் உங்கள் வேலை. விடையைச் சொல்லிவிடாதீர்கள், அவளே பார்த்துச் சொல்லட்டும். 6ஆம் கேள்வியில் அழித்துத் திருத்தியது வீட்டில் யாராவது சொல்லித்தான் என்றால் பரவாயில்லை. அடுத்த முறை அவள் பார்த்ததையே எழுத விடுங்கள்.