தொட்டியில் 28 நாள், தளத்தில் 3 நாள்: பொது வாய்மொழித் தேர்வுக்கான உரைத்திட்டம்

ஆய்வேடு: கடலோரக் கட்டுமானங்களில் க்யூரிங் குறைவு, ஸ்லாக் கலந்த கான்கிரீட்டின் குளோரைடு எதிர்ப்பை எவ்வளவு பாதிக்கிறது. 214 பக்கம், 7 இயல், 61 படம், 38 அட்டவணை.
ஒதுக்கிய நேரம் 30 நிமிடம். திட்டமிடுவது 26:30. மிச்சம் 3:30 மைக் சரிசெய்ய, நடுவில் வரும் ஒரு கேள்விக்கு, தண்ணீர் குடிக்க. தேர்வாளர் அறிக்கைகளுக்கான பதில்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவை உரை முடிந்தபின் தனிக் கோப்பில் காட்டப்படும்.

உரை முழுவதும் சொல்ல வந்தது ஒரே வாக்கியம்: க்யூரிங் குறைந்தால் ஸ்லாக் கான்கிரீட்டில் கம்பியை மூடும் கவர் பகுதி கெடுகிறது, ஆனால் கியூப் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. எந்த ஸ்லைடு இந்த வாக்கியத்தை நகர்த்தவில்லையோ அது பின்னிணைப்புக்குப் போகும்.

எதை வெட்டினோம்

இயல் 2 (இலக்கிய மீளாய்வு, 52 பக்கம்) ஒரே ஸ்லைடு. இயல் 3 (பொருள்கள், 31 பக்கம்) ஒரு அட்டவணை. சிமெண்டின் நுண்மை, மணலின் சல்லடைப் பகுப்பாய்வு, ஜல்லியின் ஒப்படர்த்தி எதுவும் முதன்மை உரையில் இல்லை. கேட்டால் பின்னிணைப்பு ஸ்லைடு பி-1. இயல் 4 (வலிமை, 29 பக்கம்) ஒரே வரைபடம். இழுவலிமையும் மீள்குணகமும் முழுதாக வெளியே. இயல் 5-க்கு (குளோரைடு, 48 பக்கம்) மட்டும் ஆறரை நிமிடம், இயல் 6-க்கு (கடலோரப் பாளங்கள், கணிப்பு, 27 பக்கம்) ஐந்தரை நிமிடம்.

மனமில்லாமல் வெட்டியது ஆர்சிபிடி முடிவுகள். ஆறு மணி நேரம் 60 வோல்ட்டில் கடந்த மின்னூட்டத்தைத்தான் அது அளக்கிறது. ஸ்லாக், துளைநீரின் மின்கடத்துத்திறனையே குறைத்துவிடும் என்பதால், குளோரைடு நுழைவு குறைந்த அளவைவிடக் கூலும் எண் அதிகமாகக் குறைந்து தெரியும். அதை முன்னால் வைத்தால் விவாதம் சோதனை முறையைப் பற்றியதாகிவிடும். 96 வில்லைகளின் முடிவும் பி-3இல் இருக்கிறது.

ஸ்லைடு வரிசை

1. தலைப்பு. 0:00–0:30
தலைப்பை வாசிக்க வேண்டாம், திரையில் இருக்கிறது. வணக்கம், குழுவுக்கு நன்றி, அடுத்த ஸ்லைடு.

2. கேள்வி. 0:30–2:30
இரண்டு புகைப்படம் பக்கம் பக்கமாக. இடப்பக்கம் ஆய்வகத் தொட்டியில் மூழ்கிய கியூப்கள். வலப்பக்கம் தளத்தில் ஒரு தூண்: சுற்றிய சாக்கு பாதி காய்ந்திருக்கிறது. எழுத்து எதுவும் இல்லை.
சொல்ல வேண்டியது: "இரண்டும் ஒரே கலவை, ஒரே நாளில் வார்த்தது. தரச் சான்று இடப்பக்கத்துக்குக் கிடைக்கிறது. உப்புக்காற்று வலப்பக்கத்தைத் தாக்குகிறது." ஐஎஸ் 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், கனிமச் சேர்க்கை இருந்தால் குறைந்தது 10 நாளும் ஈரம் கேட்கிறது என்று ஒரு வரி. இரண்டாம் வகைக்கு 14 நாள் பரிந்துரை. தளத்தில் மூன்றாம் நாளே சாக்கை உரித்தால் என்ன ஆகும் என்பதே ஆய்வுக் கேள்வி.

3. விடை முதலிலேயே. 2:30–4:00
50% ஸ்லாக் கலவை, 3 நாள் க்யூரிங், 28 நாள் தொட்டியுடன் ஒப்பீடு. இரண்டே பட்டை: கியூப் வலிமை 12% குறைவு, குளோரைடு இடப்பெயர்வுக் கெழு 2.3 மடங்கு உயர்வு.
விடையை இறுதிவரை ஒளித்துவைக்கக் கூடாது. இருபதாவது நிமிடத்தில் தேர்வாளர் களைத்திருப்பார். இப்போதே சொன்னால் மீதி உரையைச் சான்றாகக் கேட்பார்.

4. தெரிந்ததும் தெரியாததும். 4:00–6:00
மூன்று வரி. ஸ்லாக் குளோரைடைத் தடுக்கும்: நன்கு நிறுவப்பட்டது. ஸ்லாக்கின் வினை மெதுவானது, நீண்ட ஈரம் வேண்டும்: இதுவும் நிறுவப்பட்டது. க்யூரிங் குறைவின் கேட்டைக் கவரின் ஆழவாரியாக அளந்து, கூட்ட வேண்டிய கவர் தடிமனாக மாற்றிக் காட்டுவது: இந்த ஆய்வேட்டின் பங்கு. "இதுவரை யாரும் செய்ததில்லை" என்ற சொற்றொடர் வாயில் வரக் கூடாது. ஒரேயொரு எதிர்ச்சான்று போதும், அடுத்த பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

5. கலவையும் க்யூரிங்கும். 6:00–8:00
4×4 கட்டம். வரிசையில் ஓபிசி, 30% ஃபிளை ஆஷ், 50% ஸ்லாக், 70% ஸ்லாக். நிரலில் 3, 7, 14, 28 நாள் ஈரம். அடியில் ஒரே வரி: எம்40, கனமீட்டருக்குப் பிணைப்புப்பொருள் 400 கிலோ, நீர் 160 கிலோ, விகிதம் 0.40. பதினாறு கட்டத்தையும் விளக்க நேரமில்லை. லேசர் புள்ளியை ஓபிசி, 50% ஸ்லாக் வரிசைகளின் 3, 28 நாள் கட்டங்களில் மட்டும் வைத்து, "இனி இந்த நான்கையே பின்தொடர்வோம்" என்று சொல்லவும். இங்கே தேர்ந்த நீலமும் சிவப்பும் கடைசி ஸ்லைடு வரை மாறக் கூடாது.

6. அளந்த விதம். 8:00–10:00
நார்ட்டெஸ்ட் 492 முறையின் படம் ஒன்று: 50 மி.மீ. வில்லை, ஒருபுறம் 10% உப்புக்கரைசல், மறுபுறம் சோடியம் ஹைட்ராக்சைடு, நடுவே மின்னழுத்தம். பிறகு வில்லையைப் பிளந்து வெள்ளி நைட்ரேட் தெளித்தால் குளோரைடு போன ஆழம் வரை வெளுக்கும். அந்த வெளுத்த புகைப்படத்தில் மூன்று விநாடி நிறுத்தவும். வில்லையின் வெளிமுகமே உப்புக்கரைசலைப் பார்த்து வைக்கப்பட்டது என்பதை அழுத்திச் சொல்லவும், ஸ்லைடு 11 இதன்மேல்தான் நிற்கிறது.

7. வலிமை. 10:00–11:30
28ஆம் நாள் வலிமை, மெகாபாஸ்கலில், 28 நாள் ஈரத்திலிருந்து 3 நாள் ஈரத்துக்கு. ஓபிசி 52.4 → 48.8. 50% ஸ்லாக் 49.0 → 43.2. 40இல் ஒரு கிடைக்கோடு. நான்கு பட்டையும் கோட்டுக்கு மேலே. "மூன்றே நாள் ஈரம் கண்ட கியூபும் 40ஐத் தாண்டுகிறது. கியூபை மட்டும் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது." அடுத்ததற்கு நகரவும்.

8. இடப்பெயர்வுக் கெழு. 11:30–15:00
உரையின் மையம், நிதானமாக. அலகு 10⁻¹² m²/s, 90ஆம் நாள்.
ஓபிசி: 28 நாள் 11, 3 நாள் 14. விகிதம் 1.27.
50% ஸ்லாக்: 28 நாள் 3.2, 3 நாள் 7.4. விகிதம் 2.3.
முதல் நிமிடம் அச்சுகளை விளக்க மட்டும்: கிடையச்சு ஈரநாள், நெடுக்கச்சு கெழு, கீழே இருப்பது நல்லது. இரண்டாம் நிமிடம் ஓபிசியின் தட்டையான கோடு. பிறகே ஸ்லாக்கின் செங்குத்தான கோடு. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் கண் எங்கே போவதென்று தெரியாமல் தவிக்கும். அனிமேஷன் இந்த ஸ்லைடில் மட்டும், இந்த ஒரு காரணத்துக்கு.
தவறாமல் சொல்ல வேண்டியது: கெட்ட க்யூரிங் கண்ட ஸ்லாக்கின் 7.4, நன்றாக க்யூரிங் கண்ட ஓபிசியின் 11ஐ விட இன்னும் குறைவு. ஸ்லாக் வேண்டாம் என்பது ஆய்வின் முடிவு அல்ல. இதை நாமே சொல்லாவிட்டால் முதல் கேள்வியே இதுதான்.

9. ஆழவாரி. 15:00–18:00
10 மி.மீ. அடுக்குகளாக அறுத்து அளந்த நீர் உறிஞ்சும் வேகம், 3 நாளுக்கும் 28 நாளுக்கும் உள்ள விகிதமாக. 50% ஸ்லாக்: 0–10 மி.மீ. அடுக்கில் 2.8, 20–30இல் 1.4, 40–50இல் 1.0. ஓபிசி: 1.5, 1.1, 1.0. காரணம் ஒரு வரியில்: மேற்பரப்பு காய்ந்ததும் ஸ்லாக்கின் வினை அங்கே நின்றுவிடுகிறது, நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்தபடியே தங்கிவிடுகின்றன. கேடு தோலில் இருக்கிறது, உள்ளே இல்லை.

10. கடலோரப் பாளங்கள். 18:00–20:30
நான்கு பாளம், 24 மாதம், கடல்தெறிப்பு படும் இடம், 5 மி.மீ. படியில் பொடித்தெடுத்த குளோரைடு அளவு. விகிதம் இங்கே 1.7, ஆய்வகத்தின் 2.3 அல்ல. இதை மறைக்கவோ அவசரமாகக் கடக்கவோ கூடாது. கடற்காற்றின் ஈரம் சாக்கு போனபிறகும் க்யூரிங்கைக் கொஞ்சம் தொடர்ந்திருக்கிறது என்பது நம் விளக்கம். "விளக்கம்" என்றே சொல்லவும், நிரூபணம் என்று சொல்ல வேண்டாம்.

11. கவர் எவ்வளவு கூட வேண்டும். 20:30–23:30
கெழு D மாறாதது என்று கொண்டால் ஒரே ஆயுளுக்கு வேண்டிய கவர் x ∝ √D. கடல்தெறிப்புக்கு ஐஎஸ் 456 தரும் 50 மி.மீ. கவரை எடுத்துக்கொண்டால்:
ஓபிசி: 50 × √1.27 = 56 மி.மீ.
50% ஸ்லாக்: 50 × √2.31 = 76 மி.மீ.
76 ஒரு மேல்வரம்பு. காரணம் ஸ்லைடு 9: கெட்டது வெளித்தோல் மட்டும். வெளி 25 மி.மீ.க்கு 7.4, உள்ளே 3.2 என்று இரண்டு அடுக்காகப் பிரித்தால் தோராயமாக 59 மி.மீ. வருகிறது. ஆக, கூட்ட வேண்டியது 9 முதல் 26 மி.மீ. இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 76ஐ மட்டும் சொன்னால் மிகைப்படுத்துகிறோம் என்பார்கள், நியாயமாகவே.

12. எல்லைகள். 23:30–24:30
ஒரே நீர் விகிதம். கடலோரத்தில் இரண்டே ஆண்டு. காலப்போக்கில் கெழு குறைவது கணக்கில் இல்லை. மூன்றே வரி, மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம்.

13. முடிவுகள். 24:30–26:00
மூன்று முடிவு, ஒவ்வொன்றிலும் ஓர் எண்: 12%, 2.3 மடங்கு, 9–26 மி.மீ. கேள்வி நேரம் முழுக்க திரையில் நிற்க வேண்டியது இந்த ஸ்லைடுதான், "நன்றி" ஸ்லைடு அல்ல.

14. வெளியீடுகள். 26:00–26:30
காட்டிவிட்டு 13க்குத் திரும்பவும்.

நேரம் தவறினால்

கடிகாரத்தைப் பார்க்க இரண்டே இடம். ஸ்லைடு 8 தொடங்கும்போது 11:30 ஆக இருக்க வேண்டும். 13:00 ஆகிவிட்டால் 9இல் ஓபிசி எண்களை விடவும், 10இல் பாளத்தின் படத்தை விடவும். அதில் ஒன்றரை நிமிடம் திரும்பும். ஸ்லைடு 11 தொடங்கும்போது 24:00ஐத் தாண்டியிருந்தால் ஓபிசி கணக்கையும் 14ஐயும் விடவும். 8ஐயும் 13ஐயும் 11இன் ஸ்லாக் கணக்கையும் எந்த நிலையிலும் சுருக்கக் கூடாது. வழக்கமாக நேரம் கசிவது 4லும் 5லும். பழகிய விஷயம் என்பதால் வாய் ஓடிக்கொண்டே போகும். ஒத்திகையில் அந்த இரண்டை மட்டும் தனியாக மூன்று முறை நேரம் பார்த்துப் பேசவும்.

பின்னிணைப்பு ஸ்லைடுகள்

பி-1 பொருள்களின் பண்புகள். பி-2 பதினாறு கட்டத்துக்கும் கெழு, திட்டவிலக்கத்துடன். பி-3 ஆர்சிபிடி. பி-4 70% ஸ்லாக்: "ஏன் 50ஐ மட்டும் காட்டினீர்கள்" என்ற கேள்விக்கு. பி-5 இரண்டடுக்குக் கணக்கின் படிகள், அது ஏன் தோராயம் என்பதோடு: அடுக்குகளின் தடிமனை √Dஆல் வகுத்துக் கூட்டியிருக்கிறோம், எல்லையில் குளோரைடு ஓட்டத்தின் தொடர்ச்சியைத் தீர்க்கவில்லை. பி-6 கெழு காலத்தோடு குறைந்தால் விகிதம் எப்படி மாறும். பி-7 பிளந்த வில்லைகளின் எல்லாப் புகைப்படமும்.

இவற்றின் எண்ணைத் தாளில் எழுதி மேடையில் வைத்துக்கொள்ளவும். பி-1 என்பது பதினைந்தாம் ஸ்லைடு, பி-7 இருபத்தொன்று. எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராகப் போய்விடலாம், குழுவின் முன்னால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். திரும்ப 13, என்டர்.