முறைத்தண்ணீர்: நூல் வெளியீட்டுக்கு ஒரு முன்னோட்டம்

1/10

இரவு ஒன்றரை மணிக்கு வாய்க்கால் கரையில் ஒரு ரோச் வெளிச்சம் அசைந்தால், அது கள்வனுடையதாக இராது. முறை வந்த ஒருவருடையதாகத்தான் இருக்கும்.

முறைத்தண்ணீர்
சிறுகதைகள்
என் முதல் நூல்

2/10

இரணைமடுக் குளத்தின் கீழே காலபோகம் பெரும்பாலும் மழையின் கையில் இருக்கிறது. சிறுபோகமோ குளத்தில் தேங்கி நிற்கும் நீரின் கணக்கில் இருக்கிறது. அவ்வருடம் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை அரசாங்க அதிபர் தலைமையில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானித்த பிறகு, எந்த வாய்க்காலுக்கு எந்த நாள், எந்தக் காணிக்கு எத்தனை மணித்தியாலம் என்று பிரிபட்டுப் பிரிபட்டுக் கடைசியில் ஒரு மனிதரின் வரம்படிக்கு வந்து சேருவதே முறை.

இந்நூலின் ஒன்பது கதைகளும் அந்த மணித்தியாலங்களுக்குள்ளும், அவற்றுக்காகக் காத்திருக்கும் நேரத்திலும் நடக்கின்றன.

3/10

*"கடைசிக் காணி" கதையிலிருந்து*

பலகையைத் தூக்கியதும் தண்ணீர் வரவில்லை. முதலில் வந்தது கொஞ்ச வைக்கோலும், ஒற்றைச் செருப்பும், யாரோ குடித்துவிட்டு எறிந்த சோடாப் போத்தலுந்தான். பெரியம்மா குந்தியிருந்து, வாய்க்காலின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தா. ஈரம் இருந்தது, ஓட்டம் இல்லை. மேலே யாரோ சாக்கில் மண்போட்டு அடைத்திருக்கிறார்கள் என்பது அவவுக்குத் தெரிந்தது. யார் என்பதும் தெரிந்தது. அன்று பகல் முழுவதும் அந்த வீட்டுக் கலியாணத்துக்குப் பலகாரம் சுட்டுக் கொடுத்துவிட்டு வந்தவ பெரியம்மா. கையில் இன்னமும் எண்ணெய் மணம் போகவில்லை.

4/10

"வாய்க்கால் எல்லாருடைய வரம்பையும் தொட்டுக்கொண்டுதான் போகும்.
முறைதான் ஆளைப் பார்த்து வரும்."

5/10

பின்னட்டையில் எந்த வரியை இடுவது என்ற பேச்சு வந்தபோது, போரைப் பற்றிய வரி ஒன்றைத் தெரிவு செய்யும்படி சில நண்பர்கள் ஆலோசனை கூறினார்கள். வன்னியிலிருந்து ஒரு புத்தகம் வருகிறது என்றதும் வாசகர் 2009ஐ எதிர்பார்ப்பது இயல்பானது என்பதையும், அந்த எதிர்பார்ப்பில் பிழை ஒன்றும் இல்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆயினும் பெரியம்மா சொல்லும் மேற்படி வரியையே இட்டேன்.

இக்கதைகளில் இடப்பெயர்வு உண்டு, செட்டிக்குள முகாம் உண்டு, திரும்பி வராதவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் நினைவுரைகளாக வருவதில்லை. கமக்கார அமைப்பின் கொப்பியில் ஒரு பெயராகவும், பங்கு பிரிக்கும்போது விடப்படும் ஒரு சிறு மௌனமாகவும் வருகிறார்கள். அடுத்த படத்தைப் பார்த்தால் நான் கூறுவது விளங்கும்.

6/10

*"அனுமதிப்பத்திரம்" கதையிலிருந்து*

செயலாளர் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். என்னுடைய அவரின் பெயர் வந்ததும், வழமைபோலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆள் வந்திருக்கோ?" என்று கேட்பதுதான் ஒழுங்கு. எங்கள் காணிக்கு மட்டும் அவர் அப்படிக் கேட்பதில்லை.

"ஓம், வந்திருக்கிறன்" என்று நான் எழும்பினேன். கொப்பியில் அவருடைய பெயருக்கு நேரே என்னுடைய கையெழுத்து விழுந்தது.

கூட்டம் முடிந்து தேத்தண்ணீர் கொடுத்தபோது, பின் வாங்கில் இருந்த புதுப் பெடியன் ஒருவன் கிட்ட வந்தான்.

"அக்கா, அந்தப் பேரை மாத்த ஏலாதோ?"

"ஏலும் தம்பி. இறப்புச் சான்றிதழ் கேக்கிறாங்கள்."

அவன் தன்னுடைய பிளேன்ரீயை முழுவதும் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனான்.

7/10

*"வான் கதவு" கதையிலிருந்து. 2018 மார்கழி வெள்ளம் இக்கதையின் களம்.*

சிறுபோகத்தில் அரை மணித்தியாலத் தண்ணீருக்காகச் சண்டை பிடித்து, அதன் பிறகு எங்கள் படலையைக்கூடத் திரும்பிப் பாராமல் போய்வந்த மாமா, அன்றைக்கு இடுப்பளவு வெள்ளத்தில் எங்கள் விதைநெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். மேசையின் மேல் வாங்கை ஏற்றி, வாங்கின் மேல் மூட்டையை ஏற்றி, சாரத்தைப் பிழிந்துகொண்டே அம்மாவைப் பார்த்தார்.

"என்ன மச்சாள், இப்ப தண்ணி காணுமோ?"

8/10

*"இடையில் இறங்கியவர்" கதையிலிருந்து*

முறிகண்டியில் பஸ் நிற்கும் வரைக்கும் அவர் கச்சானைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தார். பிள்ளையாரைப் பற்றி யோசித்தது இறங்கிய பிறகு.

9/10

ஒன்பது கதைகள், 144 பக்கங்கள். அட்டையில் இருப்பது, துருப்பிடித்தும் இன்னும் சுற்றக்கூடியதாக இருக்கிற ஒரு துருசுச் சில்லின் படம்.

விலை ரூபா 900. வெளியீட்டு நாளில் மண்டபத்தில் ரூபா 700.

10/10

வெளியீடு
2026 ஓகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை
பிற்பகல் 3.30 மணி
பொதுநோக்கு மண்டபம், வட்டக்கச்சி, கிளிநொச்சி

அறுவடை முடிந்திருக்கும். வாருங்கள்.

---

படங்களின் கீழ் இடும் குறிப்பு

அன்புடையீர்,

1902இல் கட்டத் தொடங்கிய இரணைமடுக் குளத்தையும், 1950களில் யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களையும் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அறிக்கைகளும் மலர்க் கட்டுரைகளுமாகவே இருக்கின்றன. அவை தேவையானவை, அவற்றைப் படித்துத்தான் நானும் சில விடயங்களைத் தெரிந்துகொண்டேன். ஆனால், ஒரே வாய்க்காலில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் கோயில் திருவிழாவில் ஒன்றாகத் தேர் வடம் பிடித்துவிட்டு, அதே கிழமை ஒரு பலகையின் உயரத்துக்காகப் பொலிஸ் வரைக்கும் போகும் கதையை எந்த அறிக்கையும் எழுதாது. அறிக்கைக்கு அது சிறிய விடயம். வயல் செய்பவருக்கு அந்தப் போகமே அதில்தான் இருக்கிறது. அந்தச் சிறிய விடயத்தை அதன் அளவிலேயே எழுத வேண்டும் என்பதே இந்நூலை எழுதத் தொடங்கியபோது எனக்கு இருந்த ஒரே எண்ணம். முடித்தபோதும் அதுவே இருந்தது.

படங்களில் உள்ள பகுதிகளைத் தெரிவு செய்தவர் நூலை முதலில் வாசித்த நண்பி ஒருவர். நான் தெரிவு செய்திருந்தால் வயல் வருணனைகளையே இட்டிருப்பேன். "உன்ர வருணனையைப் புத்தகத்துக்குள்ளே வாசிப்பம், இதிலே ஆக்களைக் கதைக்க விடு" என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கதைகளின் முடிவு எதுவும் இவற்றில் இல்லை என்பதையும், ஆறாவது படத்தில் உள்ள உரையாடல் அந்தக் கதையின் நடுப்பகுதியே என்பதையும் கூறிவைக்கிறேன். ஏனெனில், முன்னோட்டத்தைப் பார்த்த சிலர், "அவ பிறகு என்ன செய்தவ?" என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவ செய்ததைச் சொல்லுவதற்கு இன்னும் பதினொரு பக்கங்கள் தேவைப்பட்டன.

கதைகளில் வரும் வாய்க்கால், கமக்கார அமைப்பு, செயலாளர், பெரியம்மா அனைவரும் கற்பனையே. எங்கள் பகுதியில் வயல் செய்பவர்கள் தங்களை அடையாளம் கண்டுகொள்வதாகச் சொன்னால் மறுக்கப் போவதில்லை; ஒரே கதையில் தாங்களே வருவதாக நாலு பேர் இதுவரை சொல்லிவிட்டார்கள், அந்த நாலு பேரும் நாலு வாய்க்காலைச் சேர்ந்தவர்கள்.

வெளியீட்டு நிகழ்வைச் சுருக்கமாகவே ஒழுங்கு செய்திருக்கிறோம். அகவணக்கத்துக்கும் வரவேற்புரைக்கும் பிறகு இரண்டு மதிப்பீட்டுரைகள் இருக்கும். ஒன்றை ஓர் ஆசிரியரும் மற்றதை வயல் செய்யும் ஒருவரும் நிகழ்த்துவார்கள். நீண்ட காலம் இந்தப் பகுதியில் பலகை தூக்கி இறக்கிய முதியவர் ஒருவர் முதற்பிரதியைப் பெற்றுக்கொள்வார். அவருக்கு இப்போது எழுத்துத் தெரிவதில்லை. ஆகையால் "கடைசிக் காணி" கதையை அவருடைய பேத்தி மண்டபத்தில் வாசிப்பார். அதன் பிறகு ஏற்புரை, அதுவும் குறுகியதாகவே இருக்கும். மாலை, பொன்னாடை எதையும் கொண்டுவர வேண்டாம் என்று தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் செலவில் இன்னொரு பிரதியை வாங்கி, உங்கள் ஊர் வாசிகசாலைக்குக் கொடுத்தால் அதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தேவையில்லை. பிரதி வாங்கும்போது கடித உறைக்குள் கூடுதலாகப் பணம் வைப்பதும் வேண்டாம். விலை எதுவோ அதுவே போதும், மிச்சக் காசு தருவதற்குச் சில்லறையும் மாற்றி வைத்திருப்போம்.

யாழ்ப்பாணம், வவுனியாப் பக்கங்களிலிருந்து ஏ9 வீதியால் வருபவர்கள் இரணைமடுச் சந்தியில் இறங்கி ஓட்டோ எடுக்கலாம். கிளிநொச்சி நகரிலிருந்து வருபவர்களுக்கு வட்டக்கச்சிப் பேருந்து வசதியானது. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வருபவர்கள் தங்கள் கடைசிப் பேருந்தின் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டு வருவது நல்லது. அவர்களுக்காகவே நிகழ்வை 5.30 மணிக்கு முன்னர் முடிப்பதென்று தீர்மானித்திருக்கிறோம், நேரத்தை மீறும் பேச்சாளரிடம் துண்டு கொடுப்பதற்கும் ஒருவரை நியமித்திருக்கிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம். தேத்தண்ணீரும் வடையும் உண்டு.

வர முடியாதவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் இந்தப் பக்கத்தின் உட்பெட்டியில் பெயரையும் முகவரியையும் அனுப்பினால், வெளியீடு முடிந்த மறுநாளிலிருந்து பிரதிகளைத் தபாலில் அனுப்பத் தொடங்குவோம். இலங்கைக்குள் தபாற் செலவு எங்களுடையது. வெளிநாட்டுக்கு நிறைக்கேற்பச் செலவு வேறுபடுவதால், நாடு எது என்பதையும் எத்தனை பிரதிகள் வேண்டும் என்பதையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.