வாடகை ரசீது வேண்டியும், செலுத்திய மாதங்களை உறுதிசெய்தும் கடிதம்

உறையூர், திருச்சி
07.01.2026

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மாடி வீட்டில் குடியிருக்கும் செல்வி எழுதுகிறேன். நேரில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதைத் தவறாக எண்ண வேண்டாம். கணக்கு தாளில் இருந்தால் இருவருக்கும் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த ஜனவரி வரை பத்து மாத வாடகைக்கும் உங்கள் கையெழுத்திட்ட ரசீது எனக்கு வேண்டும். என் வரிக் கணக்கில் வீட்டு வாடகைப்படிக்கான கழிவைக் காட்ட, இம்மாதம் 23-ஆம் தேதிக்குள் ரசீதுகளைத் தரும்படி அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். தராவிட்டால் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் வரியைப் பிடித்துவிடுவார்கள்.

நான் குறித்து வைத்திருக்கும் கணக்கு இது. ஏப்ரல், மே மாதங்களுக்குத் தலா ரூ.11,000 ரொக்கமாக உங்கள் கையில் தந்தேன். ஜூன் வாடகையை, அம்மாவின் மருத்துவச் செலவு வந்ததால், உங்கள் அனுமதியோடு இரண்டு தவணையாகக் கொடுத்தேன்: 7-ஆம் தேதி ரூ.6,000, 21-ஆம் தேதி ரூ.5,000. ஜூலையில் தண்ணீர் மோட்டார் பழுதாகி, மெக்கானிக்குக் கொடுத்த ரூ.1,800-ஐ வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னீர்கள், மீதி ரூ.9,200 தந்தேன். மெக்கானிக் கொடுத்த பில் என்னிடம் இருக்கிறது. ஆகவே அந்த மாதமும் முழு வாடகை செலுத்தியதாகவே கணக்கு.

ஆகஸ்ட் மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த மாதம் 5-ஆம் தேதி நீங்கள் ஊருக்குப் போயிருந்தீர்கள். வாசலில் நின்ற வீட்டு அம்மாவிடம் ரூ.11,000 கொடுத்தேன், அவர்கள் எண்ணிப் பார்த்து வாங்கி உள்ளே வைத்தார்கள். நவம்பரில் உங்கள் மகன், ஆகஸ்ட் வாடகை வந்ததாக அப்பாவுக்கு நினைவில்லை என்று என்னிடம் கேட்டார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, கேட்பது அவர் கடமை. ஆனால் கொடுத்த பணத்துக்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தயவுசெய்து அம்மாவிடம் ஒரு முறை கேட்டு, அந்த மாதத்தையும் உங்கள் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

செப்டம்பரிலிருந்து உங்கள் மகனின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி வருகிறேன். செப்டம்பருக்கு ரூ.11,000, வாடகை உயர்ந்த பிறகு அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதம் ரூ.11,500. பணம் அவர் கணக்கில் சேர்ந்தாலும் வீடு உங்கள் பெயரில் இருப்பதால் ரசீதில் நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும். பத்து மாதத்துக்கும் மொத்தம் ரூ.1,12,000. மின் கட்டணம் இதில் சேரவில்லை. அதை நானே தனியாகக் கட்டி வருகிறேன். முன்பணம் ரூ.50,000 உங்களிடம் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் உங்கள் பான் எண்ணையும் அலுவலகத்தில் கேட்கிறார்கள். தயக்கம் இருக்கும் என்று தெரியும். வாடகை வருமானத்தில் வீட்டு வரி போக மீதியில் 30 விழுக்காட்டைக் கழித்த பிறகே வரி கணக்கிடுவார்கள் என்பதால், உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொன்னாலும் போதும். அந்த எண்ணை அலுவலகப் படிவத்தைத் தவிர வேறு எங்கும் தர மாட்டேன்.

ரசீதுகளை நானே எழுதி எடுத்து வருகிறேன். ஒவ்வொன்றும் இப்படி இருக்கும்: “உறையூர் மாடி வீட்டின் 2025 ஆகஸ்ட் மாத வாடகை ரூ.11,000 (ரூபாய் பதினோராயிரம் மட்டும்) செல்வியிடமிருந்து ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்.” கீழே தேதியும் உங்கள் பெயரும். ஒவ்வொரு ரசீதும் ரூ.5,000-க்கு மேற்பட்ட தொகைக்கானது என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்திட வேண்டும். ஸ்டாம்ப்பைத் தபால் நிலையத்தில் வாங்கி வைத்துவிட்டேன். ஜூனுக்கு இரு தவணையையும் ஒரே ரசீதில் எழுதியிருக்கிறேன். ஜூலைக்கு மோட்டார் செலவையும் சேர்த்துக் குறித்திருக்கிறேன். நீங்கள் படித்துப் பார்த்து, ஏதாவது மாறுபட்டால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

பிப்ரவரி முதல் மாதாமாதம் பணம் வந்ததும் ஒரு ரசீது தந்துவிட்டால் இப்படி மொத்தமாகக் கேட்டு உங்களைச் சிரமப்படுத்த வேண்டியிருக்காது. வாடகை வாங்கியதும் ரசீது தர வேண்டும் என்றுதான் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டமும் சொல்கிறது. சட்டம் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளாக எங்களை வீட்டுப் பிள்ளைகள் போலப் பார்த்துக்கொள்கிறீர்கள். அந்த உறவில் பணத்தை வைத்து ஒரு சந்தேகம்கூட வரக்கூடாது என்பதே என் விருப்பம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கீழே வரட்டுமா? அன்று வசதிப்படாவிட்டால் பொங்கலுக்கு முன் எந்த மாலையானாலும் சொல்லுங்கள், ஆறரைக்குள் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
க. செல்வி
மாடி வீடு