கணக்கு சார் நினைவேந்தல் கூட்டம்: பிப்ரவரி 8, ஞாயிறு காலை 10 மணி

பழைய மாணவர்கள், சாருடன் வேலை பார்த்த ஆசிரியர்கள், பள்ளி அலுவலகத்தில் இருந்தவர்கள், சாரை அறிந்த பெற்றோர் எல்லோருக்கும் வணக்கம்.

நம் கணக்கு சார் ஜனவரி 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலமான செய்தி உங்களில் பலருக்கு அன்றைக்கே வந்து சேர்ந்திருக்கும். இறுதிக் காரியங்களை வீட்டார் மறுநாளே எளிமையாக முடித்துவிட்டார்கள். வெளியூரில் இருந்தவர்கள், லீவு கிடைக்காதவர்கள், செய்தியே இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரிந்தவர்கள் என்று வர முடியாமல் போனவர்கள்தான் அதிகம். அதனால் வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்துடன், எல்லோரும் ஓர் இடத்தில் உட்கார்ந்து சாரை நினைத்துக்கொள்ள ஒரு காலைப் பொழுதை ஒதுக்கியிருக்கிறோம்.

நாள்: 2026 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை
நேரம்: காலை 10 மணி முதல் 11.45 வரை (9.30க்கு அரங்கு திறந்திருக்கும்)
இடம்: நம் பள்ளியின் பெரிய அரங்கு, நூலகத்துக்கு எதிர்க் கட்டடம், தரைத்தளம்
உடை: வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் எளிமையான உடை

அவசரத்தில் படிப்பவர்களுக்கு இந்த நான்கு வரி போதும். வருவதாக முடிவு செய்தவர்கள் மீதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள், ஏனென்றால் இந்த ஒரு வாரத்தில் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் அதில்தான் இருக்கிறது.

முதலில் நேரம். 10 மணி என்றால் 10 மணிதான். சரியாகப் பத்துக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலியோடு கூட்டம் தொடங்கும். அந்த இரண்டு நிமிடமும் அரங்கின் கதவுகளைச் சாத்தி வைக்கப்போகிறோம், தாமதமாக வருபவர்கள் வெளியே தாழ்வாரத்தில் நின்று அஞ்சலி செலுத்திவிட்டு, கதவு திறந்ததும் பின்வரிசையில் வந்து உட்காரலாம். மணி அடித்து முடிப்பதற்குள் வகுப்புக்குள் இருக்க வேண்டும் என்று சொன்ன மனிதருக்கான கூட்டம் இது, இதையாவது நேரத்துக்குச் செய்வோம். 9.45க்குள் உட்கார்ந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

மௌன அஞ்சலி முடிந்ததும் சாரின் மகள் சில வார்த்தைகள் பேசுவார். அப்புறம் சாருடன் நீண்ட காலம் பணியாற்றிய நம் அறிவியல் டீச்சர் பேசுவார். 10.20லிருந்து 11.30 வரை உங்கள் நேரம்: 20 பேர், ஆளுக்கு 3 நிமிடம், மேடைக்கு வந்து போக மொத்தமாக ஒரு 10 நிமிடம். கூட்டிப் பார்த்தால் சரியாக வரும், சார் பார்த்தாலும் டிக் போட்டிருப்பார். பேச விரும்புகிறவர்கள் பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமைக்குள் பெயரையும் எந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். இருபதுக்கு மேல் பெயர் வந்தால், வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து ஆண்டுக்கொருவர் வரும்படி நாங்கள் தேர்ந்தெடுப்போம். அதில் வருத்தம் வேண்டாம். மேடைக்கு வராதவர்கள் எழுதிக் கொடுக்கலாம், வாசலருகே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும், அது அப்படியே வீட்டாரிடம் போகும்.

பேசுகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். வாழ்க்கை வரலாறு வேண்டாம், பட்டங்களும் வேண்டாம், அவற்றை யாராவது ஒருவர் சொன்னால் போதும். நீங்கள் கண்ணால் பார்த்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி என்று போர்டில் எழுதிவிட்டுப் போகாமல், ஆளுக்கொரு காகிதத்தில் இஷ்டப்பட்ட முக்கோணத்தை வெட்டச் சொல்லி, மூன்று முனைகளையும் கிழித்து ஒன்றோடொன்று ஒட்டவைத்து, ஒல்லியோ குண்டோ யாருடைய முக்கோணமாக இருந்தாலும் மூன்றும் சேர்ந்து ஒரு நேர்க்கோட்டில் உட்காருவதைப் பார்க்க வைத்தாரே, அது போல ஒன்று. கடைசி பெஞ்சில் யாரோ ஒருவர் நான்கு முனை வைத்திருந்தார், அந்தக் கதையும் வரட்டும். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம், அஞ்சலிக் கூட்டத்தில் சிரிக்கக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சாரைக் கிண்டல் செய்வது போலவோ இன்னொரு ஆசிரியரை மட்டம் தட்டுவது போலவோ இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

11.30க்கு வரிசையாக வந்து சாரின் படத்துக்கு முன்னால் பூ வைக்கலாம். பூவை நாங்களே தட்டில் வைத்திருப்போம், ஆளுக்கு ஒன்று. மாலை, மலர்வளையம், சால்வை எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று வீட்டார் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள், தயவுசெய்து அப்படியே செய்யுங்கள். பெயர் போட்ட பேனரும் வேண்டாம். எந்த மதச் சடங்கும் இந்தக் கூட்டத்தில் இல்லை. அவரவர் முறையில் மனசுக்குள் வேண்டிக்கொள்வதற்குத்தான் அந்த இரண்டு நிமிடம். 11.45க்குக் கூட்டம் முடியும். அதன் பிறகு பக்கத்து அறையில் எளிய மதிய உணவு. ஒரு மணிக்கு அரங்கைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும், எனவே பழைய கதைகளை அதற்குப் பிறகு மைதானத்து மரத்தடியில் தொடரலாம்.

இடத்தைப் பற்றி. முன்வாசலில் வேலை நடப்பதால் அது பூட்டியிருக்கும், எல்லோரும் மைதானத்துப் பக்கக் கதவு வழியாகத்தான் வர வேண்டும். கார், பைக் எல்லாவற்றையும் மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தலாம், அங்கிருந்து அரங்குக்கு இரண்டு நிமிட நடை. நடக்கச் சிரமப்படுகிறவர்களின் வண்டி மட்டும் நூலகம் வரை உள்ளே வரலாம், கதவருகே நிற்கும் நம் ஆட்களிடம் சொன்னால் வழி விடுவார்கள். அரங்கு வாசலில் படி இருந்தாலும் பக்கவாட்டில் சாய்தளம் இருக்கிறது, சக்கர நாற்காலி தாராளமாக ஏறும். உள்ளே 250 நாற்காலி. முதல் இரண்டு வரிசை வீட்டாருக்கும் வயதான ஆசிரியர்களுக்கும், மற்றபடி யாருக்கும் இடம் பிடித்து வைக்கக் கூடாது, ஒரே ஆண்டில் படித்தவர்கள் கூட்டமாகத்தான் உட்காருவோம் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். இடம் நிறைந்துவிட்டால் தாழ்வாரத்தில் நாற்காலியும் ஒலிபெருக்கியும் இருக்கும்.

உடை பற்றித்தான் நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். கறுப்பு கட்டாயம் இல்லை, யாரிடமும் புதிதாக வாங்கச் சொல்லவும் இல்லை. வெள்ளை, சந்தன நிறம், வெளிர் நீலம், சாம்பல் என்று கண்ணை உறுத்தாத எந்த நிறமும் சரி. புடவை, சுடிதார், வேட்டி, பேன்ட் சட்டை எதுவானாலும் பரவாயில்லை. அரங்கில் மின்விசிறி மட்டும்தான் என்பதால் பருத்தி உடையாக இருந்தால் உங்களுக்கே நல்லது. ஜரிகை, பளபளப்பு, கல்யாண வீட்டு நகை இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நம் ஆண்டின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டை எல்லோரும் போட்டு வரலாமா என்று ஒரு குழு கேட்டது. யோசனைக்குப் பின்னால் இருக்கும் அன்பு புரிகிறது, ஆனால் வேண்டாம். அது ஆண்டு விழாவுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இரவுப் பணி முடித்து நேராக வரும் நர்ஸ், போலீஸ், டிரைவர் யாராக இருந்தாலும் சீருடையிலேயே வாருங்கள், வீட்டுக்குப் போய் உடை மாற்றிவிட்டு வரும் அவசரத்தில் கூட்டத்தைத் தவறவிட வேண்டாம். குழந்தைகளுக்கு எந்த விதியும் இல்லை. செருப்போடு அரங்குக்குள் வரலாம், மேடை ஏறும்போதும் பூ வைக்கும்போதும் மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள்.

சார் திருத்திய பழைய கணக்கு நோட்டு யாரிடமாவது இருந்தால் கண்டிப்பாக எடுத்து வாருங்கள். விடை சரியாக இருந்தாலும் ஓரத்தில் சிவப்பு மையில் ‘எப்படி வந்தது?’ என்று எழுதுவாரே, அந்தப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. அரங்கின் இடப்பக்கம் ஒரு மேசையில் எல்லாவற்றையும் விரித்து வைக்கப்போகிறோம். அட்டையின் உள்பக்கம் உங்கள் பெயரை பென்சிலால் எழுதிக் கொடுங்கள், போகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நூற்றுக்குப் பதினொன்று வாங்கிய நோட்டு ஒன்று ஏற்கெனவே வந்துவிட்டது, கொண்டுவந்தவர் அதைப் பெருமையாகத்தான் நீட்டினார். சார் இருக்கும் புகைப்படங்களை பிப்ரவரி 1க்குள் அனுப்பினால் திரையில் ஓடவிட வசதியாக இருக்கும். அதற்குப் பிறகு வருபவற்றைச் சேர்ப்பது கஷ்டம்.

போனை சைலன்ட்டில் போட்டுவிடுங்கள். வீட்டார் பேசும்போது வீடியோ எடுக்காதீர்கள். மற்ற நேரத்தில் ஒன்றிரண்டு படம் எடுப்பதில் தவறில்லை, சாரின் படத்துக்கு முன்னால் நின்று செல்ஃபி மட்டும் வேண்டாம், இதைச் சொல்ல வேண்டியிருப்பதே சங்கடம்தான். வர முடியாதவர்களுக்கு நேரலை உண்டு, அதற்கான இணைப்பு அன்று காலை 9.30க்கு இதே குழுவில் வரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் நம் பள்ளி இருக்கும் ஊரின் நேரப்படி காலை 10 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் பேசும் பகுதி நேரலையில் வராது, அது அவர்கள் விருப்பம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கூட்டத்துக்கு யாரிடமும் எதுவும் வசூலிக்கவில்லை. சார் பெயரில் உதவித்தொகை வைக்கலாம் என்று பலர் சொல்கிறீர்கள், நல்ல யோசனை, ஆனால் அன்றைக்கு அரங்கில் அந்தப் பேச்சே வேண்டாம் என்று சாரின் மனைவி கேட்டுக்கொண்டார். அதை மார்ச்சில் தனியாக உட்கார்ந்து பேசலாம். அதுவரை சார் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், எங்களுக்குத் தகவல் மட்டும் சொல்லுங்கள்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை பிப்ரவரி 5, வியாழக்கிழமை இரவுக்குள் இந்த அறிவிப்பு வந்த எண்ணுக்கே பதிலாக அனுப்புங்கள். பெயர், எத்தனை பேர், சக்கர நாற்காலி அல்லது வேறு உதவி வேண்டுமா, இந்த மூன்றும் போதும். சொல்லாமல் வந்தாலும் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம், சாப்பாட்டுக்கும் நாற்காலிக்கும் ஒரு கணக்கு வேண்டுமே என்பதற்காகத்தான் கேட்கிறோம். குழுவில் இல்லாத பழைய மாணவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அப்படியே அனுப்புங்கள், சுருக்கி அனுப்பினால் நேரமோ கதவோ விட்டுப்போகும். சாரின் வீட்டுக்கு நேரடியாகப் போன் செய்து விவரம் கேட்க வேண்டாம், எதுவானாலும் எங்களிடமே கேளுங்கள்.

பழைய மாணவர்கள் சார்பில்,
நினைவேந்தல் ஒருங்கிணைப்புக் குழு