மொத்த உள்நாட்டு உற்பத்தி எண்ணாமல் விடுபவை

அனைவருக்கும் வணக்கம். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஓராண்டில் ஒரு நாட்டுக்குள் உருவாகும் இறுதிப் பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் சந்தை மதிப்பு. நாட்டு வருமானத்தை அளந்து காட்டிய சைமன் குஸ்நெட்ஸே, அதைக்கொண்டு மக்களின் நலனை ஊகிக்க இயலாது என்று 1934-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தை எச்சரித்தார்.

படுத்த படுக்கையான மாமியாரை நள்ளிரவில் எழுந்து புரட்டிப் படுக்கவைத்து, விடியுமுன் அடுப்பங்கரைக்குள் நுழையும் பெண்ணின் உழைப்புக்கு இக்கணக்கில் இடமில்லை. அதே வேலையைச் சம்பளத்துக்கு வந்த செவிலியர் செய்தால் உற்பத்தி உயர்கிறது. ஊதியமற்ற பராமரிப்புப் பணிக்கு நாள்தோறும் 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது என்றும், அதில் முக்கால் பங்குக்குமேல் பெண்களின் உழைப்பே என்றும் 64 நாடுகளின் தரவுகளைக் கொண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் மதிப்பிட்டது.

வெட்டிய மரத்தின் விலை கணக்கில் சேர்கிறது, அழிந்த காடு கழிக்கப்படுவதில்லை. என்னை மிகவும் உறுத்துவது, கடலில் கசிந்த எண்ணெயை அகற்றச் செய்யும் செலவும் வளர்ச்சியாகவே பதிவாவதுதான்.