மருத்துவமனையில் இருந்த காலத்து நூலக அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கோரும் விண்ணப்பம்

நாள்: 06.03.2025

அனுப்புநர்
ம. யாழினி,
இளம் அறிவியல் வேதியியல், மூன்றாம் ஆண்டு,
நூலக உறுப்பினர் எண் 4172,
மகளிர் விடுதி.

பெறுநர்
நூலகர் அவர்கள்,
கல்லூரி மைய நூலகம்.

வழி: துறைத்தலைவர், வேதியியல் துறை

பொருள்: அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோது கெடு முடிந்த நான்கு புத்தகங்களுக்கான தாமத அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். என் பெயரில் எடுத்த நான்கு புத்தகங்களை 03.03.2025 அன்று நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கரிம வேதியியல் இரண்டு, நிறமாலையியல் ஒன்று, பகுப்பாய்வு வேதியியல் ஒன்று. கவுன்டரில் இருந்தவர் நான்கையும் புரட்டிப் பார்த்து, சேதம் எதுவும் இல்லை என்று பதிவு செய்துகொண்டார். அவை திரும்பி வரவேண்டிய நாள் 30.01.2025. அதனால் புத்தகம் ஒன்றுக்கு 32 நாள் வீதம் என் கணக்கில் அபராதம் ஏறியிருக்கிறது. அதைத் தள்ளுபடி செய்து உதவுமாறு கேட்டே இந்த விண்ணப்பத்தை எழுதுகிறேன்.

கெடு நாளன்று நான் மருத்துவமனையில் படுத்திருந்தேன். ஜனவரி 24 இரவு விடுதியில் கடுமையான வயிற்றுவலி வந்து, விடுதிக் காப்பாளரே என்னை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியிருப்பதாகச் சொல்லி, மறுநாள் காலை அறுவை சிகிச்சை செய்தார்கள். சாதாரணக் குடல்வால் அறுவை என்றால் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஒரு வாரம் கழித்து மறுபடி காய்ச்சல் வந்தது. ஸ்கேனில் அடிவயிற்றில் சீழ்க்கட்டி தெரிந்தது. குழாய் வைத்து அதை வடித்தார்கள். கிருமிக்கொல்லி மருந்தை ரத்தக்குழாய் வழியாகவே ஏற்ற வேண்டியிருந்தது. குழாயை எடுத்து, காய்ச்சல் முழுதாக நின்ற பிறகு, பிப்ரவரி 13 அன்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன்பின் இரண்டு வாரம் வீட்டிலேயே ஓய்வில் இருக்க வேண்டும், பயணம் செய்யக்கூடாது, எடை தூக்கக்கூடாது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறார்கள். பிப்ரவரி 28 வெள்ளிக்கிழமை மறுபரிசோதனைக்குப் போனபோது கல்லூரிக்குச் செல்ல மருத்துவர் அனுமதித்தார். அடுத்த திங்கட்கிழமை விடுதிக்கு வந்து சேர்ந்ததும், அறையைத் திறந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டு நேராக நூலகத்துக்குத்தான் வந்தேன்.

வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்ற கேள்வி தங்களுக்கு எழுவது நியாயம். புத்தகங்கள் என் விடுதி அறை அலமாரியில் இருந்தன. அறைத்தோழி ஜனவரி நடுவிலேயே தொழிற்பயிற்சிக்கு வெளியூர் போய்விட்டதால் அறை பூட்டியே கிடந்தது. மாணவியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அறையைத் திறக்க விடுதி விதி இடம் கொடுப்பதில்லை. அந்த விதி எங்கள் பாதுகாப்புக்கானது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. என்னிடம் நூலகப் புத்தகம் இருக்கிறது என்பதே என் பெற்றோருக்குத் தெரியாது. அவர்கள் அப்போது மருந்துச் சீட்டும் ரத்தப் பரிசோதனையுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இணையவழிப் புதுப்பித்தலுக்கும் வழி இருக்கவில்லை. இந்த நான்கையும் ஜனவரி 16 அன்று ஒருமுறை புதுப்பித்திருந்தேன். இரண்டாவது முறை புதுப்பிக்க வேண்டுமானால் புத்தகத்தைக் கவுன்டருக்கு நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது நம் நூலக நடைமுறை. எனவே மருத்துவமனைக் கட்டிலில் என் கையில் கைப்பேசி இருந்திருந்தாலும் கெடுவை நீட்டித்திருக்க முடியாது.

இந்த நான்கில் நிறமாலையியல் புத்தகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் அதற்கு முன்பதிவு செய்து காத்திருந்தார் என்பதைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் அறிந்தேன். கேட்டதும் மனம் கஷ்டப்பட்டது. ஒருவரிடமே புத்தகம் தங்கிவிடாமல் அடுத்தவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அபராதம் வைத்திருக்கிறார்கள், அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். அந்த மாணவியைத் துறையில் சந்தித்து, அந்தப் பாடத்துக்கு நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளையும் போட்டு முடித்த கணக்குகளையும் கொடுத்திருக்கிறேன். புத்தகமும் இப்போது அவர் கையில் இருக்கிறது. ஆனால், எழுந்து நடக்கவே முடியாமல் இருந்த நாட்களில் அபராதத்துக்குப் பயந்துகூட என்னால் ஒரு புத்தகத்தைத் திருப்பியிருக்க முடியாது. அந்த நாட்களுக்கும் சேர்த்து வசூலிப்பது விதியின் நோக்கம் அல்ல என்று நம்புகிறேன்.

32 நாட்களும் எப்படிக் கழிந்தன என்பதைத் தங்கள் பரிசீலனைக்காகப் பிரித்துச் சொல்கிறேன். ஜனவரி 31 முதல் பிப்ரவரி 13 வரை 14 நாள் மருத்துவமனையில் இருந்தேன். பிப்ரவரி 14 முதல் 27 வரை 14 நாள் மருத்துவர் சொன்ன கட்டாய ஓய்வு. பிப்ரவரி 28 முதல் மார்ச் 3 வரையிலான 4 நாள், மறுபரிசோதனைக்கும் வார இறுதிக்கும் விடுதிக்குத் திரும்புவதற்கும் ஆனது. முழுத் தொகையையும் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். விதிப்படி அது இயலாது என்றால், மருத்துவச் சான்று உள்ள 28 நாட்களுக்கான தொகையையாவது நீக்கித் தர வேண்டுகிறேன். மீதி 4 நாளுக்கு நான்கு புத்தகங்களுக்கும் உரியதைத் தாங்கள் சொல்லும் அன்றே கட்டிவிடுகிறேன். சிகிச்சைச் செலவுக்கே வீட்டில் கடன் வாங்கியிருக்கும் இந்த நேரத்தில் முழு அபராதத்தையும் பெற்றோரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. அபராதம் நிலுவையில் இருப்பதால் என் உறுப்பினர் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஐந்து வார வகுப்புகளை இழந்திருக்கிறேன், விட்டதைப் படிக்க நூலகத்தைத்தான் நம்பியிருக்கிறேன். அதோடு, நூலகத்தின் நிலுவையின்மைச் சான்றை மார்ச் 14-க்குள் அலுவலகத்தில் கொடுத்தால்தான் பருவத்தேர்வு ஹால் டிக்கெட் கிடைக்கும். இந்த விண்ணப்பம் நூலகக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டியிருந்தால், முடிவு வரும்வரை கணக்கைத் தற்காலிகமாகத் திறந்துவிடவும், சான்றை நிபந்தனையோடாவது வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன். முடிவு எதுவானாலும் அதன்படி நடப்பதாக எழுதிக் கொடுக்கவும் தயார்.

என் தந்தை ஜனவரி 27 அன்றே துறைக்கு மருத்துவ விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டார். அப்படி வரும் நீண்ட விடுப்புக் கடிதத்தின் நகல் நூலகத்துக்கும் வந்துசேர ஏற்பாடு இருந்தால், கெடு முடியும் முன்பே தாங்கள் அறைத்தோழி, காப்பாளர் வழியாகப் புத்தகத்தை வரவழைக்க முடியும். காத்திருக்கும் மாணவர்களுக்கும் அது உதவும் என்பதால் இதைச் சொல்லத் தோன்றியது.

டிஸ்சார்ஜ் சம்மரி, பிப்ரவரி 28 தேதியிட்ட மருத்துவரின் தகுதிச் சான்று, துறையில் கொடுத்த விடுப்புக் கடிதத்தின் நகல், விடுதிக் காப்பாளரின் கடிதம், புத்தகங்களைத் திருப்பியதற்கான ரசீது ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். அசல்களைச் சரிபார்க்க வேண்டுமானால் எந்த வேலை நாளிலும் மதியம் இரண்டு மணிக்குமேல் நேரில் கொண்டுவருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவி,
ம. யாழினி