கூடலூர் அக்காவுக்கு, சர்க்கரை பற்றி

அக்கா, நேத்து கிளினிக்ல கூட்டம். நீங்க கேட்ட நாலு கேள்விக்கு ஒண்ணரை பதில்தான் சொன்னேன். வெளியே போகும்போது உங்க முகம் சரியில்ல. அதான் உக்காந்து எழுதுறேன். உங்க மகளை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. புரியாத இடத்துல ஒரு கோடு போட்டு வச்சா, அடுத்த தடவை பேசிக்கலாம்.

முதல்ல நீங்க கேட்ட முதல் கேள்வி. "பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் காலை எடுத்தாங்களே, எனக்கும் அப்படித்தானா?" இல்லக்கா. அவருக்குப் பல வருசம் சர்க்கரை ஏறியே கிடந்து, காலில் புண் வந்தும் வலிக்காததால கவனிக்காம விட்டிருக்கார்னு நீங்களே சொன்னீங்க. உங்க கால்ல இப்போ உணர்ச்சி நல்லா இருக்கு, ரத்த ஓட்டமும் நல்லா இருக்கு. நேத்து தொட்டுப் பார்த்தது அதுக்குத்தான். உங்களுக்குத் தொடக்கத்துலேயே தெரிஞ்சுபோச்சு.

சரி, உடம்புக்குள்ள என்ன நடக்குது? உங்களுக்குப் பெரியாறு வாய்க்கால் தெரியும். லோயர் கேம்ப்ல இறங்குற தண்ணி வாய்க்கால் வழியா வந்து, மடை திறந்தாத்தான் வயலுக்குள்ள போகும். நாம சாப்பிடுற சோறு, கிழங்கு, தோசை எல்லாம் கடைசியில சர்க்கரையா மாறி ரத்தத்துல ஓடும். ரத்தம்தான் வாய்க்கால். கை, கால், சதை எல்லாம் வயல். மடையைத் திறந்துவிடுற நீர்ப்பாய்ச்சி ஒருத்தர் உடம்புக்குள்ள இருக்கார், பேரு இன்சுலின். உங்களுக்கு மடை துருப்பிடிச்சுப் போச்சு, சட்டுன்னு திறக்க மாட்டேங்குது. நீர்ப்பாய்ச்சியும் தள்ளித் தள்ளி அலுத்துப்போயிட்டார். வாய்க்கால்ல தண்ணி நிறைஞ்சு நிக்குது, வயலோ காயுது.

உங்க தொந்தரவு எல்லாத்தையும் இதோட சேர்த்துப் பாருங்க. வயல் காய்றதாலதான் மத்தியானத்துக்கு மேல மேடு ஏற முடியாம கால் துவளுது. வாய்க்கால் நிரம்பி வழியுறதுதான் ராத்திரி நாலு தடவை எந்திரிச்சுப் போறது. போற சர்க்கரை தண்ணியையும் இழுத்துட்டுப் போகுது, அதான் அந்தத் தாகம். கண் மங்கலும் இதனாலதான். சர்க்கரை இறங்கும்போது பார்வை கொஞ்சம் மாறும், அதனால புதுக் கண்ணாடிக்கு இப்பவே காசு போடாதீங்க. ஆனா கண்ணுக்கு உள்பக்கம் பார்க்கிற பரிசோதனையை மட்டும் இந்த மாசமே செஞ்சுருவோம், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

"நான் இனிப்பே தொடமாட்டேனே" என்றீங்க. இனிப்பு மட்டும் காரணம் இல்லக்கா. உங்க அம்மாவுக்கு இருந்திருக்கு, ரெண்டாவது பிரசவத்துல உங்களுக்கும் சர்க்கரை ஏறியிருக்கு, வயித்துல கொஞ்சம் சதை போட்டிருக்கு. நீங்க செஞ்ச தப்புன்னு எதுவும் இல்ல. ஒட்டிக்கிற வியாதியும் இல்ல. மகளுக்குக் கல்யாணம் பேசுறோம், வெளியே தெரியக் கூடாதுன்னு காதோடு சொன்னீங்களே, என் வாயிலிருந்து போகாது. ஆனா வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் தெரிஞ்சா உங்களுக்கு லேசு.

சீட்டுல இருக்கிற எண்கள். வெறும் வயித்துல 168. இதை 80-க்கும் 130-க்கும் நடுவுல கொண்டு வரணும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 254, அது 180-க்குள்ள வரணும். மூணாவது 8.4, அது மூணு மாசக் கணக்கு. ரத்தச் சிவப்பு அணுவுல எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்குன்னு பார்க்கிறது. முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாத்த முடியாது! இது 7 கிட்ட வந்தா போதும். ஒரே வாரத்துல வராது, வர வேண்டியதும் இல்ல.

மாத்திரை பேரு மெட்ஃபார்மின், 500. முதல் ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டோட ஒண்ணு. அப்புறம் காலையிலும் ராத்திரியும் சாப்பாட்டோட ஒவ்வொண்ணு. ஆரம்பத்துல வயிறு கொஞ்சம் புரட்டும், ரெண்டு நாள் பேதி மாதிரி போகலாம், பெரும்பாலும் அடங்கிரும். அதுக்காக நீங்களா நிறுத்தாம ஒரு போன் போடுங்க. வாந்தி, பேதி அதிகமாகி தண்ணிகூடத் தங்கலேன்னா மட்டும் மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே வாங்க. "மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்று ஜீப்ல யாராவது சொல்லுவாங்க. கிட்னியைக் கெடுக்கிறது வருசக்கணக்கா ஏறிக் கிடக்கிற சர்க்கரைதான். குமுளிக் கடையில வேர், சூரணம் எது வாங்கினாலும் எனக்குக் காட்டிட்டுச் சாப்பிடுங்க, திட்ட மாட்டேன். அதை நம்பி மாத்திரையை விட்டுறாதீங்க, அவ்வளவுதான்.

இனி சாப்பாடு. சோறே சாப்பிடக் கூடாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. மலை ஏறி ஏலக்காய் எடுக்கிறவங்களுக்கு வேலைக்குத் தெம்பு வேணும். தூக்குவாளியில இப்போ முக்கால் பங்கு சோறு, மேல கொஞ்சம் குழம்பு. அதை மாத்தி, பாதி வாளி காய் அல்லது கீரை, கால் பங்கு சோறு, மீதி கால் பங்கு மொச்சை, தட்டப்பயறு, முட்டை, மீன் ஏதாவது ஒண்ணு. முழுசா மாத்த ஒரு மாசம் ஆகட்டும். கேப்பைக்களி நல்லதுதான், ஆனா ரெண்டு உருண்டை போட்டா அதுவும் ஏத்தும். கப்பக்கிழங்கும் மீன் கறியும் கிடைச்சா கிழங்கைச் சோத்துக்குப் பதிலா வச்சுக்கோங்க, சோத்தோட சேர்த்து இல்ல.

உங்க கணக்குல நான் முதல்ல கை வைக்கிறது டீயில. ஒரு நாளைக்கு அஞ்சு கட்டஞ்சாயா, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன்னா பத்து ஸ்பூன் சர்க்கரை. இந்த வாரம் ஒரு ஸ்பூனாக்குங்க, அடுத்த வாரம் அரை. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, மலைத்தேன் எதைப் போட்டாலும் ரத்தத்துக்கு எல்லாம் ஒண்ணுதான். நம்ம பன்னீர் திராட்சை? ஒரு சின்னக் கை அளவு, எப்பவாவது. ஜூஸா வேண்டாம்.

கால் விஷயம் கொஞ்சம் நீளமாச் சொல்றேன். தோட்டத்துல அட்டை கடிக்கும், பூட்ஸுக்குள்ள கல், முள் இருக்கும். போடுறதுக்கு முன்னாடி பூட்ஸைத் தலைகீழாத் தட்டுங்க, சாக்ஸ் போடுங்க. ராத்திரி கால் கழுவி, விரல் இடுக்கு வரைக்கும் துடைச்சு, அடிப்பாதத்தை மகளைப் பார்க்கச் சொல்லுங்க. குளிருக்கு அடுப்புப் பக்கத்துல காலை நீட்டாதீங்க. சின்னப் புண் ரெண்டு நாள்ல ஆறத் தொடங்கலேன்னா வாங்க, ஞாயித்துக்கிழமைன்னு பார்க்காதீங்க. சித்திரையில வீரபாண்டிக்குத் தீச்சட்டி எடுக்கிற நேர்த்திக்கடன் இருக்குன்னீங்க. விரதம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போங்க, மாத்திரை நேரத்தையும் வெறுங்காலோட நடக்கிறதையும் பேசி முடிவு பண்ணலாம். போகாதீங்கன்னு சொல்லப் போறதில்ல.

இந்த மாத்திரை மட்டும் சாப்பிடும்போது சர்க்கரை ரொம்பக் குறையுறது அபூர்வம். இருந்தாலும் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினா, மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சுட்டு உக்காந்துருங்க. கால் மணி நேரத்துல சரியாகலேன்னா இன்னொரு தடவை குடிங்க, கூட இருக்கிறவங்களை எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. பையில ஒரு சின்னப் பொட்டலம் இருக்கட்டும்.

ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை காலையில, சாப்பிடாம வாங்க. தண்ணி குடிக்கலாம். வரும்போது அந்தத் தூக்குவாளியையும் கொண்டு வாங்க, கால் பங்கு எதுன்னு கோடு போட்டுத் தர்றேன்.